தூக்கும்போது ஓரம் ஏன் பெயர்கிறது? சுவர் பேனல் தொழிற்சாலைக்கு ஒரு தரத் திட்டம்

"ஒரகடம் பக்கம் எங்களுடைய பிரிகாஸ்ட் தொழிற்சாலை. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மி.மீ. கனத்தில் சுவர் பேனல் செய்கிறோம். டில்டிங் டேபிளில் வார்த்து, மறுநாள் காலை மேல் ஓரத்தில் உள்ள 2 ஆங்கரில் தூக்குகிறோம். 28 நாள் கியூப் எப்போதுமே பாஸ். ஆனாலும் இரண்டு தடவை ஆங்கர் பக்கத்தில் கான்கிரீட் பெயர்ந்துவிட்டது. இப்போது வாடிக்கையாளர் குவாலிட்டி பிளான் கேட்கிறார். எதில் ஆரம்பிப்பது சார்?"

பெயர்ந்த இரண்டு பேனலையும் இன்னும் உடைத்துப் போடவில்லை என்றால், முதலில் அவற்றைப் போய்ப் பாருங்கள். ஆங்கரைச் சுற்றி இரண்டு முகத்திலும் கூம்பு மாதிரி கான்கிரீட் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால், தூக்கிய நேரத்தில் கான்கிரீட்டுக்குப் போதிய வலிமை இல்லை, அல்லது ஆங்கரின் கண்ணுக்குள் போக வேண்டிய வால் கம்பி போகவில்லை. ஒரு முகத்தில் மட்டும் தட்டையாக ஒரு சில்லு பெயர்ந்திருந்தால் இழுவை பக்கவாட்டில் போயிருக்கிறது. டேபிளை முழுதாக நிமிர்த்தாமல், பாதிச் சாய்விலேயே கிரேன் இழுத்திருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. உங்கள் திட்டத்தின் முதல் பக்கத்தை இந்த இரண்டு பேனல்தான் எழுதித் தர வேண்டும்.

அடுத்து, ஆங்கருக்கு வரும் சுமையைக் கணக்குப் போட்டுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். உங்கள் பேனல் 2.7 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் என்றால் எடை 6.75 டன். இரண்டு ஆங்கர், ஆளுக்கு 3.4 டன், அதனால் 5 டன் ஆங்கர் தாராளம் என்றுதான் பெரும்பாலான யார்டுகளில் நினைக்கிறார்கள். ஆனால் கிரேன் தூக்கும்போது வரும் குலுக்கலுக்கு 1.3 மடங்கு வைத்தால் 8.78 டன், ஒரு ஆங்கருக்கு 4.39 டன். அத்துடன் ஸ்லிங் நேர்க்குத்தாக இல்லாமல் 30 டிகிரி விரிந்திருந்தால் இன்னும் 1.15 மடங்கு. மொத்தம் 5.05 டன், அதாவது ஆங்கரின் எல்லையைத் தாண்டிவிட்டது. அதே பேனலை ஸ்பிரெடர் பீம் போட்டு நேராகத் தூக்கினால் 4.39 டன்னோடு நின்றுவிடும். ஆகவே பீம் இல்லாமல் இந்தப் பேனலைத் தூக்கக் கூடாது என்பது உங்கள் திட்டத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும்.

டேபிளைப் படுக்கையாக வைத்துக்கொண்டு தூக்கினால் இந்தக் கணக்கே செல்லாது. எண்ணெய் பூசிய இரும்பு அச்சிலும் கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ அளவுக்கு ஒட்டிப் பிடிக்கும். உங்கள் 18 சதுர மீட்டருக்கு அது 1.8 டன். டேபிள் 80 டிகிரி வரை நிமிர்ந்த பிறகுதான் கொக்கி இறுக வேண்டும். ஜன்னல் உள்ள பேனலில் ஆங்கர் இடத்தைப் பேனலின் நடுவிலிருந்து அளக்காமல் எடை மையத்திலிருந்து அளக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆங்கர் அதிகம் சுமக்கும். ஆங்கர் தீர்ந்துபோன அன்று டிஎம்டி கம்பியை வளைத்துக் கொக்கியாக வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். கூர்மையாக வளைத்த முறுக்குக் கம்பி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பட்டென்று முறியும்.

இப்போது கியூபுக்கு வருவோம். 28 நாள் கியூப் பாஸ் என்பது மறுநாள் காலை 6 மணிக்குப் பேனல் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு யார்டில், மார்கழி மாதத்தில் மட்டும் ஆங்கர் பிடுங்கிக்கொண்டு வந்தது. கலவை அதே, ஆட்கள் அதே. மாலை 4 மணிக்கு வார்த்து, காலை 6 மணிக்குத் தூக்குவதும் அதே. விசாரித்தால், காலையில் உடைக்கும் கியூபை லேபில் 27 டிகிரியில் பத்திரமாக வைத்திருந்தார்கள், பேனலோ இரவெல்லாம் பனியில் கிடந்தது. அன்றிலிருந்து 3 கியூபை அச்சோடு டேபிளின் மேலேயே, பேனலை மூடிய அதே தார்ப்பாய்க்குள் வைத்தோம்.

உடைக்கும்போது மெஷினில் என்ன எண் வர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். ஆங்கரில் தூக்க சதுர மி.மீ.க்கு 15 நியூட்டன் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொள்வது பொதுவான நடைமுறை. 150 மி.மீ. கியூபில் அது 338 கிலோ நியூட்டன். ஆனால் உங்கள் பேனல் மெலிது, ஆங்கர் ஓரத்தில் இருக்கிறது. ஆங்கர் மேலே பொறித்த 5 டன் என்பது இரும்பின் தாங்குதிறன், கான்கிரீட்டுடையது இல்லை. 150 மி.மீ. கனத்துக்கும் உங்கள் ஆங்கர் நீளத்துக்கும் தயாரிப்பாளரின் அட்டவணையில் என்ன வலிமை கேட்கிறது என்று பார்த்து எண்ணை முடிவு செய்யுங்கள். 20 கேட்டால், டயலில் 450 வராதவரை டேபிள் நிமிரக் கூடாது. இந்தச் சீட்டில் கையெழுத்துப் போடுபவர் உற்பத்தி இலக்குக்குப் பொறுப்பானவராக இருக்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வலிமை சீக்கிரம் வர ஆவி பிடித்தால், வார்த்த உடனே திறந்துவிடாதீர்கள். கான்கிரீட் இறுக 3 முதல் 4 மணி நேரம் விட்டு, அப்புறம் மணிக்கு 20 டிகிரிக்கு மேல் ஏறாமல் சூடேற்றி, 60, 65 டிகிரியில் நிறுத்துங்கள். வெப்பமானியைக் கூடாரத்தின் காற்றில் தொங்கவிட்டால் போதாது. கான்கிரீட்டுக்குள்ளேயே வையுங்கள், ஏனென்றால் சிமென்ட்டின் சொந்தச் சூடும் சேரும். உள்ளே 70 டிகிரியைத் தாண்டினால் பல மாதம், ஏன், சில வருடம் கழித்துக்கூட கான்கிரீட் உள்ளுக்குள் வீங்கி வெடிக்கலாம். தூக்கிய பிறகும் ஈரம் வேண்டும். ஐ.எஸ். 456 சாதாரண சிமென்ட்டுக்கு 7 நாள், கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள் என்கிறது. வெயில் காலத்தில் இவை 10, 14 ஆகும். ஸ்டாக் யார்டில் பேனல் நிற்கும்போது அடிப்பகுதி நனைந்து மேல் ஓரம் காய்ந்து கிடப்பதைத்தான் பல இடத்தில் பார்க்கிறேன். கோணியை மேலிருந்து தொங்கவிட்டு நனையுங்கள்.

அச்சுக்கு ஒரு டேப் போதும், ஆனால் மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். உங்கள் அச்சில் அது 6,708 மி.மீ. மேல் ஓரச் சட்டம் நீளவாக்கில் 3 மி.மீ. நகர்ந்தால் நீளமும் உயரமும் அப்படியே சரியாகக் காட்டும். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையில் மட்டும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். வார்க்கும் முன் ஒரு தடவை, வைப்ரேட்டர் ஓடி முடிந்ததும் மறுபடி ஒரு தடவை அளவெடுங்கள். சட்டத்தைப் பிடிக்கும் காந்தம் நழுவுவது அந்த அதிர்விலேதான். காந்தத்தின் அடியில் ஒட்டிய பழைய சிமென்ட் பால்தான் பெரும்பாலும் காரணம்.

அளவு விலக்கத்தை வாடிக்கையாளரின் டிராயிங்கிலிருந்தும் ஜாயின்ட் அகலத்திலிருந்தும் எடுங்கள். டிராயிங்கில் இல்லையென்றால், 20 மி.மீ. ஜாயின்ட்டுக்கு நான் நீளத்தில் கூட்டல் 3, கழித்தல் 5 என்று வைப்பேன். குறைந்த பேனலை சீலன்ட் சமாளிக்கும், நீண்டுபோன பேனலைத் தளத்தில் அறுக்கத்தான் வேண்டும். அச்சுக்கு இதில் பாதிதான் அனுமதி. வெயிலில் 20 டிகிரி கூடினாலே 6 மீட்டர் இரும்புச் சட்டம் 1.4 மி.மீ. நீளும், அதனால் அச்சை எப்போதும் காலையிலேயே அளந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கான்கிரீட் ஊற்றும் முன் ஒவ்வொரு ஆங்கரையும் வால் கம்பியோடு, பேனல் எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். கம்பி கண்ணின் அடி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது படத்தில் தெரிய வேண்டும்.