ஒரு பைசா வித்தியாசம்: சிறுகதை எழுதுபவருக்கும் மற்றவர்களுக்கும் பதில்கள்

சார், சிறுகதை ஒன்று எழுதுகிறேன். 1980-களில் ஒரு வங்கி அக்கவுண்டன்ட் நைட் ஷிப்ட்டில் உட்கார்ந்து நீளமான கூட்டலில் ஒரு பைசாவைத் தேடுகிறார். நிஜத்தில் அவர் என்ன செய்வார்?

வங்கிக் கிளையில் நைட் ஷிப்ட் என்று தனியாகக் கிடையாது. ஆனால் அப்போதெல்லாம் ஜூன் 30, டிசம்பர் 31 அரையாண்டு முடிவு நாட்களில் ராத்திரி வெகுநேரம் விளக்கு எரியும். உங்கள் கதையை அந்த ராத்திரியில் வையுங்கள்.

சேமிப்புக் கணக்கு லெட்ஜர் ஒன்றில் 400 கணக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் பாலன்ஸையும் தனித் தாளில் வரிசையாக எழுதிக் கூட்ட வேண்டும். இதை ஜாட்டிங் என்போம். தாளுக்கு 40 வரி, ஆக 10 தாள். அந்தக் கூட்டல் ஜெனரல் லெட்ஜரில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஜெனரல் லெட்ஜர் 6,18,452.37 என்கிறது, ஜாட்டிங் 6,18,452.36 என்கிறது. ஒரு பைசா குறைகிறது.

புதிதாக வந்தவர் முதல் வரியிலிருந்து மறுபடி கூட்டுவார். அனுபவஸ்தர் அப்படிச் செய்யமாட்டார், தவறு எந்தத் தாளில் என்று முதலில் பார்ப்பார். ஒவ்வொரு வரியின் இலக்கங்களையும் கூட்டி, ஒன்பது ஒன்பதாகக் கழித்து மிச்சத்தை ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். 245.63 என்றால் 2, 4, 5, 6, 3 சேர்ந்து 20, மிச்சம் 2. அந்த 40 மிச்சங்களையும் கூட்டி அதிலும் ஒன்பதுகளைக் கழித்தால் வருவதும், தாளின் அடியில் உள்ள கூட்டுத்தொகையின் மிச்சமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறாவது தாளில் வரிகளின் மிச்சம் 7, அடியில் உள்ள தொகையின் மிச்சம் 6. அந்தத் தாளை மட்டும் கீழிருந்து மேலாகக் கூட்டுகிறார். பைசா பத்தாம் இடத்தில் "மீதி ஒன்று" விட்டுப்போயிருக்கிறது, அதாவது 10 பைசா குறைவு.

கதைக்கு வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. அதைத் திருத்தியதும் ஜாட்டிங் 6,18,452.46 ஆகிவிடுகிறது. ஒரு பைசா குறைவாக இருந்தது, இப்போது 9 பைசா அதிகம். பக்கத்தில் இருக்கும் இளைஞன் தலையில் கை வைப்பான். உங்கள் அக்கவுண்டன்டுக்கோ இதைவிட நல்ல செய்தி கிடையாது. 9 பைசா என்றதுமே எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிடும்.

அண்ணே, இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். ஒன்று வகுபடாது. அதனால் ஒரு பைசா வித்தியாசம் என்றாலே இடமாற்றத் தவறு இல்லை என்று ஒதுக்கிவிடலாமே?

தவறு ஒன்றே ஒன்று என்றால் நீங்கள் சொல்வது சரி. வித்தியாசத்தைப் பார்த்து எத்தனை தவறு என்று சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். மேலே சொன்ன கணக்கில் 9 அதிகமும் 10 குறைவும் சேர்ந்துதான் அந்த ஒரு பைசாவாக நின்றது. ஒன்பது சோதனை தாளின் வரிகளை அதே தாளின் கூட்டுத்தொகையோடுதான் ஒப்பிடுகிறது, லெட்ஜரிலிருந்து எழுதும்போது நேர்ந்த இடமாற்றம் அதில் சிக்காது! அதனால்தான் முதல் சுற்றில் மற்ற ஒன்பது தாளும் சுத்தமாகத் தெரிந்தன.

சரி, 9 பைசாவை எப்படிப் பிடிப்பது? ஜாட்டிங் அதிகமாக இருக்கிறது. அப்படியானால் பைசாவில் பத்தாம் இடம் ஒன்றாம் இடத்தைவிட ஒன்று கூடுதலாக எழுதப்பட்டிருக்கும். 10, 21, 32, 43, 54, 65, 76, 87, 98. இந்த ஒன்பதில் ஒன்றாக முடியும் வரிகளை மட்டும் லெட்ஜரோடு ஒப்பிட்டால் போதும். 400 வரியில் சுமார் 30, 40 வரிதான் தேறும். அதில் ஒன்று லெட்ஜரில் 1,312.45, ஜாட்டிங்கில் 1,312.54. திருத்தினால் 6,18,452.37. டாலி.

இதிலும் கிடைக்கவில்லை என்றால் குறுக்குவழி எதுவும் மிச்சமில்லை. ஒருவர் லெட்ஜரைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் ஜாட்டிங்கில் டிக் அடித்துக்கொண்டே 400 வரியும் போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், கடைசியாக டாலியான தேதிக்குப் பிறகு லெட்ஜரில் ஏறிய ஒவ்வொரு வவுச்சரும்.

ஒரு பைசாதானே ஐயா, சட்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாமே?

போட்டால் கல்லாவில் ஒரு பைசா கூடும், அவ்வளவுதான். தாளில் தவறாக எழுதிய எண் அப்படியே இருக்கும். இப்போது கேஷும் டாலி ஆகாது, ஜாட்டிங்கும் டாலி ஆகாது. குறைந்தது புத்தகத்தில், பணத்தில் அல்ல. அதோடு, ஒருவர் கணக்கில் 1,000 ரூபாய் கூடுதலாகவும் இன்னொருவர் கணக்கில் 1,000 ரூபாய் ஒரு பைசா குறைவாகவும் ஏறியிருந்தாலும் வெளியே தெரிவது அதே ஒரு பைசாதான். அந்த இரண்டாவது ஆள் காலையில் பணம் எடுக்க வந்தால் கவுன்டரில் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நான் ஒரு ஹார்டுவேர் கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். திரையில் மத்திய வரி 9.00, மாநில வரி 9.00 என்று இருக்கிறது, கூட்டினால் 17.99 காட்டுகிறது. மாத முடிவில் ராத்திரி எல்லாம் இதுதான் வேலை. இது எந்த வகைத் தவறு?

இதில் யாரும் தவறு செய்யவில்லை அம்மா. சரக்கின் விலை 99.95 என்று இருந்திருக்கும். அதில் 9 சதவீதம் 8.9955. திரை இரண்டு தசமம் மட்டும் காட்டுவதால் 9.00 என்று தெரிகிறது, உள்ளே 8.9955 அப்படியே இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 17.991, அதுதான் 17.99 ஆகத் தெரிகிறது. விலை A2 கட்டத்தில் இருந்தால், இரண்டு வரியையும் கணக்கிடும் இடத்திலேயே இப்படி முழுமையாக்குங்கள்:

```
=ROUND(A2*9%,2)
```

இப்போது 18.00 வரும். ஆனால் உங்களுக்குச் சரக்கு அனுப்பியவர் 18 சதவீதத்தை மொத்தமாகக் கணக்கிட்டுவிட்டுப் பாதியாகப் பிரித்தால் அவர் பில்லில் 17.99 இருக்கும். நான் பில்லில் உள்ளதையே புத்தகத்தில் எடுப்பேன். வேறு மாதிரி செய்கிற ஆடிட்டர்களும் இருக்கிறார்கள், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

என் தாத்தா 1957-ல் மளிகைக் கடையில் கணக்கெழுதினார். நயா பைசா வந்த வருஷம் எந்தக் கணக்கும் நேராகவில்லை என்பார். மிகைப்படுத்திச் சொன்னாரா?

இல்லை. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. அதுவரை 16 அணா. அப்படியென்றால் ஓர் அணா 6.25 நயா பைசா, அதை 6 என்று எடுத்தார்கள். மூன்று அணா 18.75, அதை 19 என்று எடுத்தார்கள். மூன்று பேரிடம் தலா ஓர் அணா வாங்கினால் 18. ஒரே ஆளிடம் மூன்று அணா வாங்கினால் 19. வரி வரியாக மாற்றிக் கூட்டினால் ஒரு தொகை, அணாவிலேயே கூட்டிக் கடைசியில் மாற்றினால் இன்னொரு தொகை. மேலே சொன்ன அந்த அம்மாவின் 17.99 சிக்கலும் இதே ஜாதிதான். சிறுகதைக்காரர் தன் கதையை 1957-க்குக் கொண்டுபோனால், தவறே செய்யாத ஒரு மனிதர் விடிய விடியத் தவறைத் தேடுவதாக எழுதலாம். எனக்கு அந்தக் கதைதான் அதிகம் பிடிக்கும்.

முதல் கேள்வி கேட்டவன்தான் சார். முடிவில் அந்த ஒரு பைசாவால் ஒரு மோசடி பிடிபடுவதாக எழுதலாமா?

எழுதலாம், ஆனால் நான் நம்பமாட்டேன். பணம் எடுக்க நினைப்பவன் முதலில் பார்த்துக்கொள்வதே கணக்கு டாலி ஆவதைத்தான். ஒரு பைசா வித்தியாசத்தை விட்டுவைத்து எல்லோரையும் தேடவைப்பானா? தேடும்போது தற்செயலாக வேறொரு பழைய வவுச்சர் கண்ணில் படுவதாக வைத்தால் பொருந்தும்.

விடியும்வரை கிடைக்கவே இல்லை என்றால்?

வித்தியாசத்தைப் பாலன்ஸ் புத்தகத்தில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து மணிக்குக் கவுன்டரைத் திறக்க வேண்டியதுதான். அப்புறம் அடுத்த பாலன்ஸிங்கில் வித்தியாசம் அதே ஒரு பைசாவாக நின்றால், தவறு பழைய பக்கங்களில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். எண் மாறியிருந்தால் புதிதாகவும் ஏதோ சேர்ந்திருக்கிறது, முதலில் இந்த ஆறு மாதத்து வவுச்சர்களை எடுக்க வேண்டும்.