இரண்டு நாள் கேம் ஜாமில் தேயிலைத் தோட்ட விளையாட்டு: எதை வைப்பது, எதை வெட்டுவது?

கேள்வி: அட்டன் பக்கத்திலிருந்து மூன்று பேர் சேர்ந்து, குறித்த நேரத்துக்குள் ஒரு விளையாட்டை உருவாக்கி முடிக்கும் ஒரு கேம் ஜாமில் கலந்துகொள்கிறோம். சனி காலை 9 மணி முதல் திங்கள் காலை 9 மணி வரை நேரம். தலைப்பு ‘காத்திருப்பு’. ஒருவர் நிரல், ஒருவர் படம், ஒருவர் ஒலி. கோடோ 4 என்ற விளையாட்டு இன்ஜினைப் பயன்படுத்துகிறோம். தோட்டத்தில் ஒரு நாள் என்பது எண்ணம்: கொழுந்து பறித்தல், காலில் ஏறும் அட்டை, மழை, கங்காணியோடு உரையாடல், நிறுவை, சம்பளத்தில் பொருள் வாங்கும் கடை. இதை எப்படிச் சுருக்குவது?

பதில்:

முதலில் கடையை வெட்டுங்கள். கடை இருந்தால் பணம், விலைகள், தனித் திரை எல்லாம் வேண்டும். வாங்கிய பொருளின் பயன் தெரிய விளையாடுபவர் பல சுற்றுகள் ஆட வேண்டும். ஜாமுக்கு வந்த விளையாட்டை ஒருவர் சில நிமிடங்களே திறந்து பார்ப்பார். பெரும்பாலோர் உங்கள் கடை வரை வரவே மாட்டார்கள்.

அடுத்து உரையாடல். எழுதுவது எளிது என்று தோன்றும், ஆனால் தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கோடோவின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. உங்கள் கணினியில் ஓட்டும்போது அது விண்டோஸின் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்வதால் எல்லாம் சரியாகத் தெரியும். இணைய உலாவிக்கு ஏற்றியதும் அந்த வசதி கிடையாது. எழுத்துகளுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருக் கோப்பைத் திட்டத்துக்குள்ளேயே வைத்தால் தீர்ந்துவிடும். நிறுவைத் திரையின் இரண்டு சொற்களுக்கும் இது தேவைப்படும் என்பதால் உரையாடலை நீக்கினாலும் இதை மறக்காதீர்கள். கங்காணியை முழுதாக நீக்க வேண்டியதில்லை. தராசின் அருகே பேசாமல் நிற்கட்டும். அது படம் வரைபவரின் வேலை. நிரல் எழுதுபவருக்குச் சுமை இல்லை. மூன்று பேர் இருந்தாலும் உங்கள் உண்மையான எல்லை அந்த ஒருவரின் நேரம்தான். தூக்கம், சாப்பாடு, கடைசிச் சோதனை போக அவருக்கு 22 மணி நேரம் கிடைத்தால் நல்லது.

உங்கள் பட்டியலில் ஆறு பொருள்கள் இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகச் செய்வது கடினமில்லை. ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சந்திக்கும் இடத்தில்தான் நேரம் கரைகிறது. மழை பெய்தால் அட்டை கூடுமா? கங்காணி பேசும்போது அட்டை ஏறினால் நேரம் நிற்குமா? நனைந்த கொழுந்தின் எடையை நிறுவையில் கழிப்பதா? ஆறு பொருள்களுக்கு இப்படி 15 சந்திப்புகள். மூன்றாகக் குறைத்தால் 3 சந்திப்புகள் மட்டுமே. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு பிழையும் பிறக்கும். ஆகவே கொழுந்து, நிறுவை, மழை ஆகிய மூன்றோடு நிறுத்துங்கள்.

அட்டையை விட்டு மழையை வைத்ததற்குக் காரணம் உண்டு. அட்டைக்குத் தனிப் படம், தனி நகர்வு, தொட்டதை அறியும் முறை, அதை அகற்ற ஒரு புதிய செயல் வேண்டும். மழையோ ஏற்கெனவே இருக்கும் ஓர் எண்ணை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஜாமில் எதைச் சேர்க்கலாம் என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இது புதிய பொருளா, இருக்கும் எண்ணில் ஒரு மாற்றமா?

தலைப்பு கொழுந்திலேயே அடங்கியிருக்கிறது. சீக்கிரம் கிள்ளினால் எடை குறைவு. காத்திருந்தால் நல்ல கொழுந்து. அதிகம் காத்திருந்தால் முற்றிவிடும். முற்றியதற்கு எடை கிடையாது, ஆனால் அதைக் கிள்ளி எறிந்தால்தான் செடி மீண்டும் துளிர்க்கும். விளையாட்டின் மைய விதி இவ்வளவுதான்:

```gdscript
age += delta * growth   # மழையில் growth = 1.5
if age > 16.0:
    state = COARSE
elif age > 8.0:
    state = READY
```

தொடக்கத்தில் `age = randf() * 8.0` என்று செடிக்குச் செடி வேறு வயது கொடுங்கள். இல்லையென்றால் எல்லாம் ஒரே கணத்தில் தயாராகும். அதுவரை விளையாடுபவர் கை கட்டி நிற்பார்.

இப்போது எத்தனை செடி வைப்பது? மலை முழுக்க 24 செடி வைக்க ஆசை வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்கு நடந்து கிள்ள 2 விநாடி ஆகிறது என்றால், 24 செடிகளைச் சுற்றிவர 48 விநாடி. கொழுந்து 16 விநாடியில் முற்றுகிறது. என்ன செய்தாலும் பெரும்பாலான செடிகள் முற்றியே கிடக்கும். 8 செடி என்றால் ஒரு சுற்றுக்கு 16 விநாடி. மயிரிழையில் எல்லாவற்றையும் காப்பாற்றலாம். ஆனால் அப்படியே விட்டால் வட்டமாக நடப்பதே போதும், முடிவெடுக்க ஒன்றுமில்லை. மழை அங்கேதான் உதவுகிறது. வளர்ச்சி ஒன்றரை மடங்காகும்போது கொழுந்து 11 விநாடிக்குள் முற்றும். 5 செடிகளை மட்டுமே பார்த்துக்கொள்ள முடியும். எந்த மூன்றைக் கைவிடுவது என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்கு இந்த எண்ணத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரே ஓர் எண் மாறுகிறது, வேலை விளையாட்டாகிறது.

கடைக்குப் பதிலாக நிறுவையையே இலக்காக்குங்கள். பல தோட்டங்களில் ஒரு நாளுக்குக் கேட்கப்படும் 18 கிலோவை வையுங்கள். நல்ல கொழுந்துக்கு 500 கிராம், இளசுக்கு 100 கிராம். சுற்று 90 விநாடி. 2 விநாடிக்கு ஒன்று என்றால் 45 முறை கிள்ளலாம். 18 கிலோவுக்கு 36 நல்ல கொழுந்து போதும். ஒன்பது முறை தவறலாம். முதல் தடவை விளையாடுபவருக்கு இது கடினமாக இருந்தால் 90ஐ 100 ஆக்குங்கள், வேறெதையும் தொட வேண்டாம்.

இவை அனைத்தும் சனி மதியம் 1 மணிக்குள் படமே இல்லாமல், பச்சை, மஞ்சள், பழுப்புச் சதுரங்களாக ஓட வேண்டும். இன்னும் ஓடவில்லை என்றால் மழையையும் வெட்டுங்கள். ஓடுகிறது என்றால் குழுவில் இல்லாத ஒருவரிடம், வீட்டில் தங்கையோ பக்கத்து லயத்துப் பிள்ளையோ இருந்தால் அவர்களிடம், கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். முற்றிய செடியை விட்டு விலகிப்போகிறார் என்றால் நிற வேறுபாடு போதவில்லை. சுற்று முடிந்ததும் சொல்லாமலே மறுபடி தொடங்குகிறார் என்றால் மையம் சரி. இனி படமும் ஒலியும் சேர்க்கலாம்.

கோடோவில் உலாவிக்கான கோப்பாக மாற்ற ஏற்றுமதி வார்ப்புருக்கள் வேண்டும். அவை இன்ஜினோடு வராது, இன்ஜினைவிடப் பல மடங்கு பெரியவை. மலைநாட்டில் மழைக் காலத்து இணைப்பை நம்பி சனி இரவு இறக்க முயலாதீர்கள். வெள்ளிக்கிழமையே இறக்கி வையுங்கள். சனி மாலையே சதுரங்களோடு ஒரு தடவை, விளையாட்டுகளை வெளியிடும் தளமான `itch.io`வில் ஏற்றிப் பாருங்கள். ஜிப் கோப்புக்குள் முதன்மைப் பக்கத்தின் பெயர் `index.html` என்று இருக்க வேண்டும்.

ஞாயிறு மாலை 6 மணிக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். பிழை திருத்துவதும் எண்களைச் சரிசெய்வதும் மட்டும். மின்சாரம் போனாலும் ஏற்றிய பதிப்பு ஒன்று கைவசம் இருக்க, இரவு 10 மணிக்குள் பதிவேற்றிவிடுங்கள். பிறகு வேறொருவருடைய கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறங்கள். தமிழ் எழுத்துகள் கட்டங்களாக இல்லாமல் தெரிகின்றனவா, விரலால் தொட்டால் கிள்ள முடிகிறதா என்று பாருங்கள். ஒலியையும் கவனியுங்கள்: பயனர் ஒரு முறை தொடும்வரை உலாவிகள் ஒலியை அனுமதிப்பதில்லை. அதனால் தொடக்கத்தில் ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வைத்து, மழையின் ஓசை அதை அழுத்திய பிறகு வரும்படி செய்யுங்கள்.