40 விநாடியும் ஒரு கொப்பியும்

அன்புள்ள அண்ணா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். 14 வருடம் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது எட்டு மாதமாக யாழ்ப்பாண முறையில் வறுத்த கறித்தூள் செய்து விற்கிறேன். கிழமைக்கு 12 கிலோ போகிறது, ஆனால் வாங்குவது எல்லாம் தெரிந்த ஆட்கள். தெரியாதவர்களும் வாங்க வேண்டும் என்று, நானே கமராவைப் பார்த்துக் கதைத்து ஒரு 40 விநாடி வீடியோ எடுத்தேன். இணைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் நல்லாயிருக்கு என்கிறார்கள், புதிதாக ஒருவரும் ஓடர் தரவில்லை. ஒரு பெண் "இப்பிடி ஆயிரம் பேர் விக்கினம்" என்று எழுதியிருந்தார். ஸ்டூடியோவில் எடுத்தால் நம்புவார்களா? அம்மம்மாவின் கதையைச் சேர்க்கவா? போன மாதம் மல்லி கருகி 6 கிலோ தூளைக் கொட்ட வேண்டி வந்தது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைக்கிறவள் நான், அந்தப் பக்கத்தைப் பார்த்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இனியும் வீடியோவுக்குக் காசு செலவழிக்கப் பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்டூடியோ வேண்டாம். உங்கள் வீடியோவில் படம் மோசமில்லை. மூன்று தரம் பார்த்தேன், மூன்றாம் தரம் கையில் ஒரு பேனையோடு. முதல் 11 விநாடி வணக்கம், பெயர், பிராண்டின் பெயர், "நிறுவுனர்" என்ற சொல். அடுத்த 14 விநாடி தரமான, சுத்தமான, இயற்கையான, கலப்படமற்ற. அப்புறம் சிறுவயதிலிருந்தே சமையலில் ஆர்வம். கடைசியில் "எங்களோடு இணைந்திருங்கள்". இதில் உங்களுடைய பிராண்டின் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தத் தூள் பைக்கற்றின் பெயரையும் வைக்கலாம், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பெண் ஆயிரம் பேர் என்று எழுதியது அதைத்தான். கோபிக்க வேண்டாம்.

ஆனால் கடிதத்தில், போகிற போக்கில், 6 கிலோவைக் கொட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். உங்களை எனக்குத் தெரியாது, உங்கள் தூளை நான் ருசி பார்த்ததில்லை, ஆனாலும் அந்த ஒரு வரிக்குப் பிறகு வாங்கலாம் என்று தோன்றியது. வீடியோவில் இருக்க வேண்டியது கடிதத்தில் இருக்கிறது.

புதிய சிறிய பிராண்டை யாரும் நம்ப மறுப்பது அது கெட்டது என்று நினைத்து அல்ல. நம்புவதற்குப் பிடிமானம் இல்லை, அவ்வளவுதான். பெரிய நிறுவனத்துக்குக் கடைத் தட்டு இருக்கிறது, 30 வருடப் பழக்கம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது உங்கள் முகமும் 40 விநாடியும். அதற்குள் "தரமானது" என்று சொன்னால் கேட்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. "6 கிலோவைக் கொட்டினேன்" என்றால் அதில் ஒரு அளவு இருக்கிறது, ஒரு நட்டம் இருக்கிறது. தனக்கு நட்டமான ஒன்றை விற்க வந்தவள் தானே சொல்கிறாளே என்று கேட்பவர் ஒரு கணம் நிற்பார். அந்த ஒரு கணம்தான் நமக்கு வேண்டும்.

எல்லாப் பிழையும் இதற்கு உதவாது. பிழை உங்கள் குசினியைத் தாண்டாமல் பிடிபட்டதாக இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த பைக்கற் ஒன்று வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது என்று தொடங்கினால் பார்ப்பவர் மனதில் தங்குவது பூஞ்சணம்தான்.

சரி, அமைப்புக்கு வருவோம். நிதானமாகக் கதைத்தால் 40 விநாடிக்குள் 75 தமிழ்ச் சொல் போகும், தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நான் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நல்லெண்ணெய்க்காரருக்கு 110 சொல் எழுதிக் கொடுத்தேன். பாவம் மனிதர், மூச்சு வாங்காமல் வாசித்தார், வானொலிச் செய்தி போல இருந்தது. எழுத்து ஓடும் திரையையும் வைத்திருந்தோம், அவருடைய கண் இடமிருந்து வலமாக ஓடுவது அப்படியே பதிவாகியிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். பிழை என்னுடையது.

உங்களுக்காக ஒன்று எழுதிப் பார்த்தேன். கதைக்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் எழுத்துத் தமிழில் சொன்னால் உங்கள் முகம் இறுகிவிடுகிறது:

"போன மாசம் ஆறு கிலோ தூளைக் கொட்டினன். மல்லி கருகிப்போச்சு. வறுத்த தூள் எப்பவும் கறுப்புத்தான், பார்த்தா ஒருத்தருக்கும் தெரியாது. கறி வைச்சாத்தான் கசக்கும். பதினாலு வருசம் கணக்குப் பார்த்த ஆள் நான், இப்ப தூள் வறுக்கிறன். செத்தல் மிளகாய் வேற, மல்லி வேற, வெந்தயம் வேற. ஒண்டாப் போட்டா மல்லி வாசம் வர முதல் வெந்தயம் கருகிப்போம். அரைச்ச உடன அந்தத் தூளில ஒரு குழம்பு வைப்பன். கசந்தா விக்கிறதில்லை. பைக்கற்றில இருக்கிற இலக்கம் இந்தக் கொப்பியிலயும் இருக்கு. கேட்டா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவன். கிழமைக்குப் பன்ரெண்டு கிலோதான், கொழும்புக்குள்ள மட்டும். வேணுமெண்டா வாட்ஸ்அப்பில எழுதுங்கோ."

முதல் இரண்டு வாக்கியமும் 5 விநாடிக்குள் முடிய வேண்டும். வணக்கம் இல்லை, பெயர் இல்லை. பெயரும் பிராண்டும் அந்த நேரத்தில் திரையில் எழுத்தாக இருக்கட்டும், வாயால் சொல்லத் தேவையில்லை. அடுத்தது ஏன் கொட்டினீர்கள் என்பது. கொட்டாமல் விற்றிருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது, அதனால் அதை ஓடிச் சொல்லாதீர்கள். பிறகுதான் நீங்கள் யார். கணக்காளர் என்பதை நான் வேண்டுமென்றே வைத்தேன். சமையலில் ஆர்வம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 14 வருடம் கணக்குப் பார்த்தவர் கொப்பி வைத்திருப்பார் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, கொப்பி வரும்போது தானே பொருந்தும். அம்மம்மா நல்லவர்தான், ஆனால் அவரை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. பத்துப் பிராண்டுகளில் ஒன்பதில் ஓர் அம்மம்மா இருக்கிறார். அவரை இன்னொரு வீடியோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகுதியில், ஏறக்குறைய 15 முதல் 24 விநாடி வரை, உங்கள் முகம் திரையில் இருக்க வேண்டியதில்லை. தாச்சியில் வெந்தயம் நிறம் மாறுவதைக் காட்டுங்கள், குரல் மட்டும் ஓடட்டும். நீங்கள் தடுமாறிய இடங்களை வெட்டி ஒட்டியதும் அந்தப் படத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். கொப்பி வரும்போது மறுபடி முகம். அந்தப் பக்கத்தில் 6 கிலோ என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டிருப்பீர்கள்தானே, அதைக் கமராவுக்குக் கிட்டப் பிடியுங்கள். கையெழுத்து அழகில்லை என்று புதுக் கொப்பியில் பிரதி எடுத்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், கொட்டிய தூளைக் காட்ட வேண்டும் என்று இப்போது புதிதாகக் கொஞ்சம் மல்லியைக் கருக்கி எடுக்காதீர்கள்.

குழம்பு வைத்துப் பார்ப்பது என்னுடைய ஊகம். பைக்கற்றில் தொகுதி இலக்கம் போடுகிறீர்களா என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டும் உண்மையில் நடந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதலில் செய்யத் தொடங்குங்கள், ஒரு மாதம் கழித்து எடுக்கலாம். உணவு விளம்பரத்தில் ஏமாற்றும் வகையில் எதையும் சொல்லக்கூடாது என்று 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் சொல்கிறது. உங்கள் பழைய வீடியோவில் தூள் சளியைத் தீர்க்கும் என்று ஒரு வரி வருகிறது, அதை எப்படியும் எடுத்துவிடுங்கள்.

கிழமைக்கு 12 கிலோதான் என்பதை மறைக்க வேண்டியதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது, பழைய வீடியோவில் "நாடு முழுவதும்" என்கிறீர்கள். பின்னால் குசினி அலுமாரி தெரிகிறது, வாய் நாடு முழுவதும் என்கிறது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒட்டவில்லை. அளவைச் சொல்லிவிட்டால் அந்தக் குசினியே உங்களுக்குச் சாட்சி. கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள் போதும். லைக், ஷெயர், இணையத்தளம், வாட்ஸ்அப் என்று நான்கு வழி காட்டினால் ஒன்றிலும் போக மாட்டார்கள்.

எடுப்பதைப் பற்றி இரண்டு விடயம். சத்தம்தான் உங்கள் வீட்டில் பிரச்சினை. மின்விசிறி ஓடுகிறது, 31ஆவது விநாடியில் கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போகிறது. மங்கலான படத்தை மக்கள் பொறுப்பார்கள், கேட்காத குரலைப் பொறுக்க மாட்டார்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக்கை நாடியில் இருந்து ஒரு சாண் கீழே குத்தி, விசிறியை நிறுத்தி, இரண்டு ரயிலுக்கு நடுவே எடுங்கள். அப்புறம், நீங்கள் போன் திரையில் உங்களையே பார்த்துக் கதைக்கிறீர்கள், கண் சற்றுக் கீழே போகிறது. பின்பக்கக் கமராவால் எடுத்தால் பார்க்க முகம் இருக்காது, லென்ஸைத்தான் பார்ப்பீர்கள்.

கொழும்பில் உங்கள் தூளை வாங்கக்கூடியவர்களில் பலருக்குத் தமிழ் விளங்காது. அதற்காகத் தெரியாத சிங்களத்தில் தடுமாற வேண்டாம். தமிழிலேயே கதைத்து, சிங்கள எழுத்தோடு ஒரு பிரதி, ஆங்கில எழுத்தோடு ஒரு பிரதி, தமிழ் எழுத்தோடு ஒரு பிரதி என்று மூன்றாகச் செய்யுங்கள். ஒரே திரையில் மூன்று மொழியும் அடுக்கினால் உங்கள் முகத்துக்கு இடமிருக்காது. எழுத்தைத் திரையின் அடிமட்டத்தில் வைக்காமல் நெஞ்சு உயரத்தில் வையுங்கள், கீழே செயலியின் பொத்தான்கள் மூடிவிடும்.

எடுத்து முடித்ததும் உங்களைத் தெரியாத ஒருவருக்கு ஒரு தடவை மட்டும் போட்டுக் காட்டுங்கள். மேல்மாடி வீட்டுக்காரர் போதும். ஐந்து நிமிடம் வேறு ஏதாவது கதைத்துவிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். "நல்லாக் கதைக்கிறீங்கள்" என்றால் திரும்ப எடுக்க வேண்டும். "கருகினதைக் கொட்டினீங்களாம்" என்றால் சரி. போட்ட பிறகு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட எந்த விநாடியில் விட்டுப் போகிறார்கள் என்று காட்டும் வரைகோட்டைப் பாருங்கள், இன்ஸ்டகிராமே அதைக் காட்டும். முதல் 3 விநாடியில் விழுந்தால் தொடக்கத்தில் பிழை. 20ஆவது விநாடியை ஒட்டி விழுந்தால் வறுக்கிற விளக்கம் நீண்டுவிட்டது, வெந்தய வாக்கியத்தை வெட்டுங்கள். கடைசிவரை பார்த்தும் யாரும் எழுதவில்லை என்றால் அது வீடியோவின் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். விலையோ, கொண்டுவந்து தரும் நாளோ தெளிவில்லாமல் இருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய வீடியோவில் கொப்பி ஒரு விநாடி மேசையில் தெரிகிறது. இடப்பக்கத் தாளில் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் அப்படியே வாசிக்க முடிகிறது. 6 கிலோ எழுதிய பக்கத்தைக் கமராவுக்குக் காட்டும்போது எண்கள் இருக்கும் பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளால் மூடிவிடுங்கள்.