முதல் வாரத் தலைவலி: கரைவது கொழுப்பா, உப்பா?

கேள்வி: வயது 36. திங்கட்கிழமை 600 கலோரி டயட் ஆரம்பித்தேன். மதியம் 1 மணிக்கும் இரவு 7 மணிக்கும் மட்டும் சாப்பாடு. உப்பை அறவே விட்டுவிட்டேன். பால், சர்க்கரை வேண்டாமென்று நாளைக்கு நான்கு கப் குடித்துவந்த காபியையும் ஞாயிறு மாலையோடு நிறுத்திவிட்டேன். திங்கள் சாயங்காலமே தலைவலி வந்துவிட்டது. வியாழனிலிருந்து எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன், அதனால் நீர்ச்சத்துக் குறைவாக இருக்காது. இன்று வெள்ளி, எடை 3 கிலோ குறைந்திருக்கிறது. ‘உடம்பிலுள்ள நச்சு வெளியேறும்போது அப்படித்தான் வலிக்கும், தாங்கிக்கொள்’ என்கிறாள் தோழி. தாங்கிக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நச்சு எதுவும் வெளியேறவில்லை. உங்கள் உடம்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருப்பது உப்பும் தண்ணீரும்தான்.

முதலில் அந்த 3 கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு, அதிகம் ஓடியாடாத வாழ்க்கையில், நாளைக்குச் சுமார் 1,900 கலோரி செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுவது 600. பற்றாக்குறை 1,300. திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாளுக்கு 5,200. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஆக, முழுக்கக் கொழுப்பே கரைந்திருந்தாலும் முக்கால் கிலோவைத் தாண்டாது. மீதியில் பெரும்பகுதி தண்ணீர்.

அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது? கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். பட்டினி போட்டால் உடம்பு முதலில் கைவைப்பது இந்தச் சேமிப்பில்தான். அது கரையக் கரைய, பிடித்துவைத்த தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. சாப்பாடு குறைந்தால் இன்சுலின் இறங்கும். உப்பைப் பிடித்துவை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் வேலையையும் இன்சுலின்தான் பார்க்கிறது. அது இறங்கியதும் சிறுநீரகம் சோடியத்தைத் தாராளமாக வெளியே விடுகிறது. முதல் சில நாட்கள் அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடியிருப்பீர்களே, அதற்கு இந்த இரண்டும் ஒரு காரணம்.

இப்படி உப்பு ஒருபக்கம் ஒழுகிக்கொண்டிருக்க, உள்ளே வரும் உப்பையும் நிறுத்திவிட்டீர்கள். அதற்கு மேல் 4 லிட்டர் வெறும் தண்ணீர். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். உப்பு இல்லாமல் உள்ளே போகும் தண்ணீர் ரத்தத்தில் தங்காது. வந்த வழியே போய்விடும், இருக்கிற சோடியத்தையும் நீர்க்கச் செய்துவிடும். எழுந்து நின்றால் கண் இருட்டுவது அதனால்தான்.

சந்தேகமிருந்தால் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து, மணிக்கட்டில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறகு எழுந்து, சுவர் பக்கமாக நின்று, ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 72 இருந்தது 105 என்று 30-க்கு மேல் எகிறினால் உடம்பில் உப்பு, நீர் இரண்டும் பற்றாமல் இருக்க வாய்ப்பு அதிகம். படுத்தால் தலைவலி தணிந்து, எழுந்தால் கூடுவதும் இந்த வகையில் உண்டு.

ஆனால் திங்கட்கிழமை ஆரம்பித்த வலி இது இல்லை. 24 மணி நேரத்துக்குள் உப்பு அவ்வளவு குறைந்துவிடாது. அது காபி வலி. தினமும் காபி குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி பிடிக்கும், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். கடைசிக் கப் ஞாயிறு மாலை, வலி வந்தது திங்கள் சாயங்காலம். கடிகாரம் வைத்தாற்போல் இருக்கிறது. என் அனுபவத்தில் ‘டயட் தலைவலி’ என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதே காபி, டீயை எப்போது நிறுத்தினீர்கள் என்றுதான். இத்தனைக்கும் பால், சர்க்கரை இல்லாத கறுப்புக் காபியில் ஐந்து கலோரிகூட இருக்காது!

சரி, என்ன செய்யலாம்?

இன்றே ஒரு கப் கறுப்புக் காபி குடியுங்கள். ஒரு மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தால் சந்தேகம் தீர்ந்தது. காபியை விடத்தான் வேண்டும் என்றால், ஒரு நாளைக்கு இரண்டு கப் என்று வைத்துக்கொண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அரைக் கப் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள். காலையில் ஒரு கப், மாலையில் ஒரு கப் தெளிந்த காய்கறி சூப், ஒவ்வொன்றிலும் கால் டீஸ்பூன் உப்பு. மற்றச் சமையலில் போடுவதையும் சேர்த்து நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்கட்டும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், 2 லிட்டர் வாக்கில் போதும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் போலப் போனால் அதிகம் குடிக்கிறீர்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் இந்த உப்பு யோசனையை மருத்துவரைக் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

அப்புறம் அந்த 600 கலோரி. 800-க்குக் கீழே போகும் திட்டம் மருத்துவத்தில் இருக்கத்தான் செய்கிறது. உடல் பருமன் மிகுந்தவர்களுக்கு, புரதமும் தாது உப்புகளும் அளந்து சேர்த்த தயாரிப்பு உணவோடு, சில வாரங்களுக்கு மட்டும், ரத்தப் பரிசோதனை செய்தபடி மருத்துவர்கள் தருவது அது. நாமாகத் தட்டைப் பாதியாக்கி உண்டாக்கும் 600 வேறு. நீங்கள் முதல் வாரம் 1,600, அடுத்து 1,400 என்று இறங்குங்கள். 1,400-க்கு வந்தபின் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ குறையும். இரவு 7-லிருந்து மறுநாள் 1 வரை 18 மணி நேரம் வெறும் வயிறு என்பதையும் மாற்றி, காலையில் முட்டையோ தயிரோ கொஞ்சம் சாப்பிடுங்கள். நீண்ட நேரம் சாப்பிடாமல் இருப்பதே சிலருக்குத் தலைவலி தரும், ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இன்னும் சுலபமாக.

வலி மாத்திரை பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் ஐபுபுரூஃபன் போடாதீர்கள். வயிற்றை அரிக்கும், நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்தையும் படுத்தும். பட்டினி கிடக்கும்போது பாரசிட்டமாலையும் அளவு தாண்டக் கூடாது.

சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இன்றே மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாப்பாடு குறைந்தபின் அதே மாத்திரை அதே அளவில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளவுக்கு மேல் இறக்கிவிடலாம். இடிபோலத் திடீரென்று வந்த வலி, மயங்கி விழுதல், குழப்பம், வாந்தி நிற்காமை, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் காபியையும் சூப்பையும் சோதித்துக்கொண்டிருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இவை எதுவும் இல்லையென்றால், உப்பும் காபியும் திரும்பி வந்த இரண்டு மூன்று நாளில் தலைவலி அடங்கிவிடும். தராசில் ஒரு கிலோ ஏறியிருக்கும், பயந்துவிடாதீர்கள். திரும்பி வந்தது தண்ணீர்.