பொம்மைகளை மாற்றி மாற்றிக் கொடுப்பது எப்படி?

என் மகனுக்கு இரண்டு வயது. வீடு முழுக்க பொம்மைதான். ஆனாலும் எதையும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் தொட மாட்டேங்கிறான். என்ன செய்யலாம்?

முக்கால்வாசியை எடுத்து மறைத்து வையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. 16 பொம்மை இருந்தபோது இருந்ததைவிட, 4 மட்டும் இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் நான்கு அட்டைப்பெட்டிகளில் பிரித்தோம். கார்களை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டது முதல் தவறு. அந்த வாரம் முழுக்க ஒரே மாதிரி விளையாட்டு, சீக்கிரம் சலித்துவிட்டது. பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் அடுக்க ஒன்று, உருட்ட ஒன்று, கொஞ்சம் சொப்புச் சாமான், ஒரு புதிர்ப்பலகை என்று கலந்து வைத்தோம். கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது!

மாற்றுவதற்கு நாள் குறிக்க வேண்டாம். கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நகர்ந்து போனால், பொம்மையை வீசினால், அதுதான் நேரம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அவன் தூங்கிய பிறகு இரண்டை மட்டும் மாற்றுங்கள். அவன் விரும்பி விளையாடுவதை மாற்றாமல் விட்டுவிடுங்கள். பெட்டி பரண்மேல் இருக்கட்டும். கண்ணில் பட்டால் அதுதான் வேண்டும் என்று அழுகை.

இரண்டு முறை வெளியே வந்தும் தொடாத பொம்மை பெரும்பாலும் வயதுக்கு மீறியது அல்லது வயது கடந்தது. முந்தையதை மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், பிந்தையதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.