பேச்சுப் பயிற்சி இருக்கட்டும், முதலில் காது பழகட்டும்

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீங்கள் மகளோடு வந்தபோது, முதல் பத்து நிமிடம் உங்களுக்கு ஆறுதல் சொல்வதிலேயே போய்விட்டது. தமிழ்வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும், முதல் வாரமே திணறிவிடுவாளோ என்ற பயம் நியாயமானது. ஆனால் அதற்கு உங்கள் கொழுந்தனார் கண்டுபிடித்திருக்கும் மருந்து நியாயமானது இல்லை. அன்று நேரில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. அவரும் பக்கத்தில் இருந்தார். அதனால் எழுதுகிறேன்.

அவர் சொல்லும் அந்த மூன்று மாதத் தங்கிப் படிக்கும் ஆங்கிலப் பயிற்சியின் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது, மேடையில் பேசுவது, குழு விவாதம், நேர்முகத் தேர்வு. எல்லாமே வாய்க்கான பயிற்சி. உங்கள் மகள் என்னிடம் சொன்னது வேறு: “படிச்சா புரியுது சார், அவங்க பேசினா புரியல.” இது காதின் பிரச்சினை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவி நாளில் ஐந்து மணி நேரம் கேட்கப்போகிறாள், ஐந்து நிமிடம்கூடப் பேசப்போவதில்லை. கால் வலிக்குக் கண்ணாடி வாங்கித் தருவது போன்ற காரியத்துக்குக் கடன் வாங்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். “அண்ணன் பொண்ணு பெரிய இடத்துல ட்ரெயினிங் எடுக்கிறா” என்று சொல்லிக்கொள்வது அவருக்குப் பெருமையாக இருக்கலாம், தவணை கட்டப்போவது நீங்கள்.

ஆங்கில நாளிதழ் படிக்கலாம், சப்டைட்டிலோடு படம் பார்க்கலாம், இலக்கணப் புத்தகம் வாங்கலாம் என்பதையெல்லாம் ஏற்கெனவே பத்துப் பேர் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லாத ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேசியதன் எழுத்துவடிவம் கிடைக்கும் ஒரு சின்ன பாட்காஸ்ட்டை எடுத்து, அதையே மூன்று விதமாக மூன்று முறை கேட்பது.

அன்று உங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு இதைத்தான் செய்தேன். எடுத்துக்கொண்டது பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’. பெயரே நீளத்தைச் சொல்லிவிடும். இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, விடையைக் கடைசியில்தான் சொல்வார்கள். டிரான்ஸ்கிரிப்ட்டும் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் முறை கேட்டது சாரத்துக்காக மட்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, பேனா கையில் இருக்கக் கூடாது, டிரான்ஸ்கிரிப்ட் கண்ணில் படக் கூடாது. முடிந்ததும் தமிழிலேயே மூன்று வாக்கியம் சொல்லச் சொன்னேன்: எதைப் பற்றிப் பேசினார்கள், இருவரும் ஒத்துப்போனார்களா மாறுபட்டார்களா, கடைசியில் எங்கே வந்து நின்றார்கள். தமிழில் சொல்வதில் தவறே இல்லை. நாம் பார்ப்பது அவள் காதை. ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் வாய் தடுமாறும், காதில் விழுந்ததும் அதோடு மறந்துபோகும். அவள் முதல் இரண்டையும் சரியாகச் சொன்னாள், மூன்றாவதில் சறுக்கினாள். அப்படியானால் அந்தப் பதிவு அவளுக்குப் பொருத்தமானது. எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதே பிடிபடவில்லை என்றால் அது அவளுக்கு இன்னும் கடினம். பிடிவாதம் பிடிக்காமல் வேறு பதிவுக்குப் போய்விட வேண்டும். முதல் முறையிலேயே எண்கள், பெயர்கள் உட்பட எல்லாம் விளங்கிவிட்டால் அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை விவரத்துக்காக. இதற்குக் கேட்பதற்கு முன்பே நான்கைந்து கேள்விகளை அவளே எழுதிவைக்க வேண்டும், முதல் முறை கேட்டதில் மங்கலாகத் தெரிந்த இடங்களிலிருந்து: எத்தனை பேரிடம் கேட்டார்கள்? அந்த ஆண் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? அப்புறம் ஒரு நிமிடம் போல ஓடவிட்டு, ஒரு கருத்து முடியும் இடத்தில் நிறுத்தி எழுத வேண்டும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினால் அடுத்த சொல்லை ஊகிக்கும் பழக்கம் வளராது. புரியாத இடத்தை இரண்டு முறை பின்னே ஓட்டிக் கேட்கலாம். அப்போதும் புரியாவிட்டால் காதில் விழுந்த ஒலியைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவைத்து, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்துவிட்டு மேலே போக வேண்டும். உளறலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அந்த உளறல்தான் அடுத்த கட்டத்துக்குத் தேவை.

இந்தக் கட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் வேகத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். அவளும் கேட்டாள். வேண்டாம் என்றேன். வேகத்தைக் குறைத்தால் ஒலி இழுபடும், அவ்வளவுதான். பேசியவர் விழுங்கிய எழுத்து திரும்பி வராது. வேகமாக விழுங்கியதை மெதுவாக விழுங்கிய மாதிரி கேட்கும்.

மூன்றாவது முறைதான் டிரான்ஸ்கிரிப்ட். அதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும், தான் எழுதியதோடு ஒப்பிட வேண்டும். தவறவிட்ட ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று குறிகளில் ஒன்றைப் போடச் சொன்னேன். சொல்லே தெரியாது என்றால் ‘அ’. சொல் தெரியும், படித்தால் புரியும், ஆனால் கேட்டபோது அடையாளம் தெரியவில்லை என்றால் ‘ஆ’. எல்லாச் சொல்லும் காதில் விழுந்தது, ஆனால் பொருளைக் கோப்பதற்குள் பேச்சு ஓடிவிட்டது என்றால் ‘இ’. அன்று அவள் தவறவிட்டது 14 இடங்கள். அதில் ‘அ’ வெறும் 2, ‘இ’ 3, மீதி 9 இடமும் ‘ஆ’.

அம்மா, இந்த ஒன்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத பிள்ளை என்று நீங்கள் நினைத்த பெண்ணுக்கு அந்த ஒன்பது இடத்திலும் சொற்கள் தெரிந்திருக்கின்றன. ஓர் இடத்தில் ‘ஷுடவ் டோல்டிம்’ என்று எழுதிவைத்து, டோல்டிம் என்பது யாரோ ஒருவரின் பெயர் என்று நினைத்திருக்கிறாள். டிரான்ஸ்கிரிப்ட்டில் இருந்தது ‘ஷுட் ஹாவ் டோல்ட் ஹிம்’. நாலும் ஆறாம் வகுப்புச் சொற்கள். தமிழில் நாம் ஏறக்குறைய எல்லா அசைகளையும் முழுதாகவே ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் கருத்தைச் சுமக்கும் சொல்லை அழுத்தி, ஹாவ், ஹிம், டு, ஆஃப் போன்ற சிறு சொற்களை நசுக்கிவிடுகிறார்கள். ஹகர ஒலி உதிர்கிறது, உயிரொலி சுருங்குகிறது, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணால் மட்டுமே ஆங்கிலம் கற்றவருக்கு இந்த உருவம் அந்நியம்.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் ‘முடியும்’ என்பதற்கான ‘கேன்’ சொல்லைப் பேச்சின் ஓட்டத்தில் ‘கன்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். ‘முடியாது’ என்பதற்கான சொல்லில் கடைசி ‘ட்’ பெரும்பாலும் தொண்டையிலேயே நின்றுவிடும், ஆனால் உயிரொலி முழுதாக வரும். அதனால் நம் காதுக்குத் தெளிவாக ‘கேன்’ என்று விழுவது பல நேரம் ‘முடியாது’ என்பதுதான். அறிவியல் வகுப்பில் இது மாறினால் பாடமே தலைகீழாகிவிடும். அந்தப் பயிற்சி நிலையத்தின் பாடத்திட்டத்தில் இது எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

குறித்து முடித்தபின் டிரான்ஸ்கிரிப்ட்டை மூடிவைத்து, ‘ஆ’ போட்ட இடங்களை மட்டும், ஒவ்வொன்றும் சில நொடிகள்தான், திரும்பக் கேட்க வேண்டும். எழுத்து இல்லாமலே அந்தச் சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும்வரை. ‘அ’ சொற்களை அகராதியில் பார்த்தால் முடிந்தது. ‘இ’ இடங்களுக்குப் பழக்கம் கூடக் கூடத்தான் வழி, அதற்காக இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. நான் சொன்ன நிகழ்ச்சியின் டிரான்ஸ்கிரிப்ட்டிலேயே, இது சொல்லுக்குச் சொல் எழுதப்பட்டதல்ல என்று அச்சிட்டிருப்பார்கள். எங்காவது காதில் விழுவதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் தவறு எப்போதும் அவளுடையது என்று நினைக்க வேண்டாம். ஒரு மாணவன் அப்படி ஒரு வாக்கியத்தோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டினான். பாவம், அவன் காது சரியாகத்தான் கேட்டிருந்தது.

இன்னொன்று, வரிசையை மாற்றக் கூடாது. டிரான்ஸ்கிரிப்ட்டை முதலில் படித்துவிட்டால் அப்புறம் நடப்பது கேட்பது அல்ல, நினைவிலிருந்து படிப்பது. எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: மறுநாள் அதே பதிவைத் தாள் இல்லாமல் போடுங்கள். முந்தின நாள் விளங்கியது பாதியாகிவிட்டால், கண்தான் வேலை செய்திருக்கிறது, காது சும்மா இருந்திருக்கிறது.

ஆறு நிமிடப் பதிவுக்கு இத்தனையும் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். முதல் இரண்டும் ஒரே நாளில், மூன்றாவது மறுநாள் என்று பிரித்துக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று பதிவு போதும். உங்கள் கொழுந்தனார் நாளுக்கு மூன்று என்பார், கேட்காதீர்கள். கவனம் கலைந்த காதுக்கு மணிக்கணக்கில் ஊட்டுவதில் பயனில்லை. வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடுவதும் இதில் சேராது.

இதனால் அவளுக்குச் சரளமாகப் பேச வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது தனி வேலை, பின்னால் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஆறு வாரத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: குறிப்பேட்டில் ‘ஆ’ எண்ணிக்கை இறங்குகிறதா? பதினெட்டுப் பதிவு முடித்தும் ஒன்பது ஒன்பதாகவே நின்றால், முறையில் எங்கோ பிழை இருக்கிறது. ‘ஆ’ குறைந்து ‘இ’ மட்டும் மிஞ்சினால், விலங்கியல் சார்ந்த பதிவுகளுக்கு மாறலாம். டெட் உரைகளுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் உண்டு.

விலங்கியல் என்று எழுதியது தெரிந்தேதான். அவள் எடுக்க விரும்புவது அது. ஆங்கிலத்துக்குப் பயந்து அதை விட்டுவிட்டு, ‘எளிதாக இருக்கும்’ என்று வேறு பிரிவில் சேர்ப்பதைப் பற்றி அன்று அவர் பேசியபோது அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். தெரிந்த சொல்லை ஒன்பது இடத்தில் காது விட்டுவிட்டது என்பதற்காக ஒரு பிள்ளையின் பாடத்தை மாற்ற முடியாது. இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொன்ன முன்பணத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு வாரம் கழித்து மகளை மட்டும் குறிப்பேட்டோடு அனுப்புங்கள். கொழுந்தனார் வர வேண்டியதில்லை.