அந்த 2 எங்கிருந்து அளந்த 2?

கேள்வி: கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் இருக்கிற மீன் வியாபாரிகளுக்கான ஒரு ஆப்புக்கு ஐகான் வரைகிறேன். எல்லாமே 24-க்கு 24 கட்டம், கோடு 2 பிக்சல், மூலை வளைவு 2. இருந்தும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பெரிசா, ஒன்று கறுப்பா, ஒன்று வேறு யாரோ வரைந்த மாதிரி இருக்கு. எங்கே தப்பு?

பதில்:

"வேறு யாரோ வரைந்த மாதிரி" என்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குவோம். நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்கிறவன். இந்தப் புகார் வந்தால் முதலில் சந்தேகப்படுவது மூலை வளைவைத்தான்.

ஃபிக்மாவில் செவ்வகக் கருவியால் பெட்டி வரைந்து கோடு கொடுத்தால், அது வழக்கமாகப் பெட்டியின் எல்லைக்கு உள்பக்கம் விழும். ஸ்ட்ரோக் பகுதியில் Inside என்று இருக்கும். பேனாவால் வரைந்த பாதையில் கோடு எல்லையின் இரு பக்கமும் பாதிப் பாதியாக விழும், அங்கே Center என்று இருக்கும். இரண்டுக்கும் நீங்கள் மூலை 2 என்றுதான் கொடுத்திருப்பீர்கள். ஆனால் Inside பெட்டியில் அந்த 2 கோட்டின் வெளிவிளிம்புக்கு உரியது. அதிலிருந்து கோட்டின் தடிமன் 2-ஐக் கழித்தால் உள்விளிம்புக்கு மிஞ்சுவது பூஜ்யம். வெளியே வளைந்து, உள்ளே செங்கோணமாக நிற்கும். Center பாதையில் அதே 2 கோட்டின் நடுவில் ஓடுவது. வெளிவிளிம்பில் 3, உள்விளிம்பில் 1 ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று விறைப்பாகவும் ஒன்று மெத்தென்றும் தெரியும். அளவுப் பெட்டியில் மட்டும் இரண்டும் 2.

எது சரி என்று கேட்டால், இரண்டும் சரிதான். கூகுளின் மெட்டீரியல் ஐகான்களில் வெளிமூலை 2, உள்மூலை செங்கோணம். லூசைட் என்ற திறந்த மூலத் தொகுப்பில் கோடு எப்போதும் நடுவில், வளைவு 2. கலந்தால்தான் சிக்கல். கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஐகான்களை SVG ஆக ஏற்றுமதி செய்து, ஃபைலை நோட்பேடில் திறந்து `rx` என்று தேடுங்கள். SVG-இல் கோடு எப்போதும் பாதையின் நடுவில்தான் விழும். அதனால் Inside பெட்டியை ஃபிக்மா ஏற்றுமதி செய்யும்போது பாதையை உள்ளே தள்ளி வளைவையும் குறைத்து எழுதிவிடும். ஒரு ஃபைலில் `rx="1"`, இன்னொன்றில் `rx="2"` என்று வந்தால் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பேனாவால் வரைந்த பாதை `path` ஆக வரும், அதில் `rx` இருக்காது, அதை மட்டும் ஃபிக்மாவின் ஸ்ட்ரோக் பகுதியிலேயே பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எல்லாவற்றையும் Center-க்கு மாற்றுவேன், ஏனென்றால் கடைசியில் போனில் ஓடப்போவது SVG-யின் கணக்குதான். ஒன்று கவனம்: Inside பெட்டியை Center ஆக்கியதும் ஒவ்வொரு பக்கமும் 1 பிக்சல் வெளியே வரும். 18 அகலம் 20 ஆகிவிடும். பெட்டியை 16 ஆகக் குறைத்தால்தான் பழைய அளவு திரும்பும்.

இதோடு சேர்ந்தது, சின்ன வடிவங்களின் மூலை. 4 பிக்சல் பெட்டிக்கு 2 வளைவு கொடுத்தால் அது வட்டமாகிவிடும், பெட்டியாக இருக்காது. லூசைட் இதற்கு ஒரு நேர் விதி வைத்திருக்கிறது: 8 பிக்சலும் அதற்கு மேலும் என்றால் வளைவு 2, அதற்குக் குறைவென்றால் 1. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மீன் வால், துடுப்பு, பாய்மர முனை மாதிரி இயற்கையாகவே கூரான இடங்களுக்கு வளைவு எண்ணே வேண்டாம், `stroke-linejoin="round"` தருகிற மழுங்கலே போதும். வாலுக்கும் 2 வளைவு கொடுத்தால் மீன் ரப்பர் பொம்மை ஆகிவிடும்.

அடுத்து "பெரிசா" தெரிகிற ஐகான். 24 கட்டத்தில் நாலு பக்கமும் 2 விட்டு, உள்ளே 20-க்குள் வரைவது வழக்கம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் சதுரம், வட்டம், படகு எல்லாவற்றையும் அந்த 20 முழுக்க இழுத்து நிரப்பினால் சதுரம்தான் ஜெயிக்கும். அதன் மூலைகள் இடத்தை அடைத்துக்கொள்ளும். மெட்டீரியல் அளவுகளைப் பாருங்கள்: வட்டம் 20 விட்டம், சதுரம் 18-க்கு 18, நெட்டைச் செவ்வகம் 16 அகலம் 20 உயரம், படுத்த செவ்வகம் 20 அகலம் 16 உயரம். பரப்பு போட்டுப் பாருங்கள். வட்டம் 314, சதுரம் 324, செவ்வகங்கள் 320. ஏறக்குறைய ஒன்றுதான். கண் எடை போடுவது அகலத்தை வைத்தல்ல, அடைத்துக்கொண்ட பரப்பை வைத்து. எழுத்துரு வடிவமைப்பவர்கள் வட்ட எழுத்துகளைக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே தள்ளி வரைவதும் இதற்காகத்தான்.

இந்த அளவுகள் கோட்டின் தடிமனையும் சேர்த்தவை. 18 சதுரம் வேண்டுமென்றால் பாதை 16-க்கு 16, அதாவது 4-இல் தொடங்கி 20-இல் முடியும். மீன் மாதிரி இரு முனையும் ஒடுங்கிய வடிவம் 20 அகலத்தை நிரப்பினாலும் சதுரத்தின் பக்கத்தில் இளைத்துத்தான் தெரியும். அதன் வால் நுனியை ஓரத்தில் விட்ட இடத்துக்குள் 1 பிக்சல் நீட்டலாம். 24-ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

கறுப்பாகத் தெரிகிற ஐகான் எது என்று சொல்லவில்லை. தராசு என்று என்னால் பந்தயம் கட்ட முடியும். தட்டைத் தொங்கவிடும் இரண்டு சங்கிலியும் மேலே ஒரு புள்ளியில் சேரும். இரண்டு கோடுகளும் 2 தடிமன், இடையில் 30 டிகிரி என்றால், உச்சியிலிருந்து ஏறக்குறைய 4 பிக்சல் தூரம் வரை உள்ளே வெள்ளையே இருக்காது, இரண்டும் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். 60 டிகிரி என்றால் அது 2 பிக்சல்தான். கோட்டின் தடிமன் எல்லா ஐகானிலும் ஒன்றுதான், கோடுகளுக்கு நடுவில் உள்ள வெள்ளைதான் வேறுபடுகிறது. அதனால் கோட்டுக்கு விதி வைத்த மாதிரி இடைவெளிக்கும் விதி வையுங்கள்: எந்த இரண்டு கோட்டு விளிம்புக்கும் நடுவில் 2 பிக்சலுக்குக் குறையக்கூடாது. அதற்கு இடமில்லையென்றால் ஒரு விவரத்தைத் தூக்கிவிடுங்கள். கோட்டை மெலிதாக்கித் தப்பிக்கக் கூடாது. தராசில் தொங்கு தட்டை விட்டுவிட்டு, மேலே எடை காட்டும் சின்னத் திரையோடு மின்னணுத் தராசாக வரைந்தால் கூர்ங்கோணமே வராது. மீன் ஏலக்கூடங்களில் இன்றைக்கு அதுவும் பழகிய பொருள்தானே.

இப்போது இந்த மூன்றையும் ஒரே ஐகானில் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஆப்பில் ஐஸ் பெட்டி கட்டாயம் இருக்கும். ஒரு செவ்வகம், மூடிக்காக ஒரு குறுக்குக் கோடு என்று வரையத்தான் முதலில் கை போகும். வேண்டாம். இதே மாதிரி ஒரு வரைவைப் பார்த்த மீன்கார அக்கா ஒருவர் என்னிடம், "ஏன் தம்பி, ஏடிஎம் கார்டை அமுக்குனா ஐஸ் பொட்டி வருது?" என்று கேட்டார். பணம் செலுத்தும் ஐகானும் அதே திரையில் இருந்தது, அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மூடியைப் பெட்டியைவிட அகலமாக வைத்தால் அந்தக் குழப்பம் தீரும்:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" viewBox="0 0 24 24" fill="none"
     stroke="currentColor" stroke-width="2"
     stroke-linecap="round" stroke-linejoin="round">
  <rect x="3" y="5" width="18" height="5" rx="1"/>
  <path d="M5 10v7a2 2 0 0 0 2 2h10a2 2 0 0 0 2-2v-7"/>
  <path d="M10 14h4"/>
</svg>
```

மூடியின் பாதை 3-இலிருந்து 21 வரை. கோட்டையும் சேர்த்தால் 2-இலிருந்து 22, ஆக 20 அகலம். உயரம் 4-இலிருந்து 20 வரை, 16. படுத்த செவ்வகத்தின் அளவு அப்படியே வந்துவிட்டது. மூடியின் உயரம் 5, அதாவது 8-க்குக் குறைவு, அதனால் அதன் வளைவு 1. பெட்டியின் அடிமூலை பெரியது, அதனால் 2. மூடியின் கீழ்விளிம்பு 11-இல் முடிகிறது, பெட்டியின் நடுவில் உள்ள சின்னக் கொக்கிக் கோடு 13-இல் தொடங்குகிறது, நடுவில் சரியாக 2. கொக்கியை ஒரு பிக்சல் மேலே ஏற்றினால் அது மூடியோடு சேர்ந்து கறுக்கும்.

எல்லாப் புள்ளிகளும் முழு எண்ணாக இருப்பதையும் பாருங்கள். 2 பிக்சல் கோடு முழு எண்ணில் நின்றால் அதன் இரு விளிம்பும் பிக்சல் எல்லையில் விழும். 4.5-இல் நின்றால் இரு பக்கமும் பாதிப் பிக்சல் சாம்பலாகும். நல்ல போன் திரையில் இது தெரியாது, கணக்கு எழுதுகிறவர் மேசையில் இருக்கும் பழைய மானிட்டரில் நன்றாகவே தெரியும்.

சரிபார்க்க, எல்லா ஐகானையும் நிஜ அளவில் ஒரே வரிசையில் வைத்து, மொத்தத்துக்கும் 2, 3 பிக்சல் லேயர் ப்ளர் கொடுங்கள். எல்லாம் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிய வேண்டும். எது கரும்புள்ளியாக நிற்கிறதோ அதில் இடைவெளி போதவில்லை, எது வெளுத்துப் போகிறதோ அதற்கு அளவு போதவில்லை. பிறகு போனில் போட்டு வெயிலில் பாருங்கள். உங்கள் ஆட்கள் பார்க்கப்போவது துறைமுகத்து வெளிச்சத்தில்தான்.

கடைசியாக, சிறிதாக்கும் விஷயம். ஃபிக்மாவில் ஐகானின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வடிவம் மட்டும் சுருங்கும், கோடு 2, வளைவு 2 அப்படியே நிற்கும். 16-க்கு இழுத்த ஐஸ் பெட்டி உள்ளே முழுக்க அடைத்துக்கொள்ளும். K அழுத்தி ஸ்கேல் கருவியால் குறைத்தால் விகிதம் காக்கப்படும், ஆனால் கோடு 1.33 ஆகி மங்கலாகும். இரண்டும் உதவாது. 16 அளவு நிஜமாகவே தேவைப்படுகிற நாலைந்து ஐகானை மட்டும் அந்தக் கட்டத்தில் தனியாக வரையுங்கள். ஐஸ் பெட்டிக்கு அங்கே கொக்கி வேண்டாம், மூடியும் பெட்டியும் போதும்.